கோடு இருந்த இடத்தில் விலை இல்லை

2023 ஏப்ரல் 13, வியாழக்கிழமை. தேசியப் பங்குச் சந்தையில் இன்ஃபோசிஸ் பங்கு சுமார் 1,389 ரூபாயில் முடிந்தது. சந்தை மூடியபின் காலாண்டு முடிவுகள் வெளிவந்தன. முடிந்த நிதியாண்டில் வருமானம் 16 முதல் 16.5 சதவீதம் வளரும் என்று நிறுவனம் சொல்லியிருந்தது. நாணய மாற்று விளைவை நீக்கிப் பார்த்தால் வளர்ந்தது 15.4 சதவீதம். அடுத்த ஆண்டுக்குச் சொன்ன கணிப்பு வெறும் 4 முதல் 7 சதவீதம். மறுநாள் அம்பேத்கர் ஜெயந்தி விடுமுறை, பிறகு சனி, ஞாயிறு. திங்கள் காலை பங்கு ஏறத்தாழ 1,250 ரூபாயில் திறந்தது. பின்னும் கீழே போய், ஓரளவு மீண்டு, ஒன்பது சதவீதத்துக்கு மேல் இழப்புடன் அன்று முடிந்தது.

1,389இலிருந்து 1,250க்கு இறங்கிய வழியில் இந்தியச் சந்தையில் ஒரு பங்குகூடக் கைமாறவில்லை. அந்த இடைவெளியில் 1,360, 1,340, 1,300 என்று சார்ட்டில் எத்தனை சப்போர்ட் கோடுகள் வரைந்திருந்தாலும் விலை அவற்றைத் தொடவே இல்லை. தொட்டு உடைத்திருந்தால், கோடு பலவீனமானது என்று சொல்லலாம். இங்கே கோட்டுக்குச் சோதனையே நடக்கவில்லை. சார்ட் லெவலை நம்பி ரிசல்ட் நாளைக் கடக்கும் பழக்கத்தை எடைபோட, இந்த வேறுபாட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

லெவல் என்பது என்ன? ஒரு விலைக்கு அருகில் முன்பு பலர் வாங்கியிருக்கிறார்கள். மறுபடி அங்கே வந்தால் வாங்கலாம் என்று சிலர் காத்திருக்கிறார்கள். தவறவிட்டவர்கள் அங்கே ஆர்டர் போட்டு வைக்கிறார்கள். சாதாரண நாளில் விலை ஐந்து பைசா, பத்து பைசாவாக நகர்ந்து வரும்போது இந்த ஆர்டர்களில் மோதி நிற்கும், சில நேரம் திரும்பும். இது மூடநம்பிக்கை இல்லை. கோட்டை வரைபவரிடம் ஒழுங்கும் வந்துசேர்கிறது: எங்கே வெளியேறுவது என்பதை வாங்கும் முன்பே முடிவு செய்துவிடுகிறார், இழப்பு வந்தபின் மனத்தோடு பேரம் பேசுவதில்லை. பத்து ஆண்டு வியாபாரத்தில் ஒருவரைக் காப்பாற்றுவது பெரும்பாலும் இந்தப் பழக்கம்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆனால் லெவலின் வலிமை முழுக்க அங்கே காத்திருக்கும் ஆர்டர்களில் இருக்கிறது. அந்த ஆர்டர்கள் பழைய செய்தியின் மேல் போடப்பட்டவை. 4 முதல் 7 சதவீதம் என்ற கணிப்பு வந்ததும், 1,360இல் வாங்கக் காத்திருந்தவருக்கு அந்த விலையில் வேலை இல்லை. அவர் விலகிக்கொண்டார். இந்தியச் சந்தை மூடியிருந்த அந்த நாட்களில் நியூயார்க்கில் இன்ஃபோசிஸின் ஏடிஆர் விற்பனையானது, அங்கே விலை சரிந்தது. திங்கள் காலை எல்லோர் கையிலும் புதிய எண் இருந்தது.

அந்தத் திறப்பு விலை எப்படி உருவாகிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஒன்பது மணிக்குத் தொடங்கும் ப்ரீ ஓப்பன் நேரத்தில், முதல் ஏழெட்டு நிமிடங்கள் ஆர்டர்கள் குவிகின்றன, எதுவும் கைமாறாது. பிறகு கணினி, அதிக எண்ணிக்கையில் பங்குகள் எந்த ஒரே விலையில் கைமாற முடியுமோ அந்த விலையைக் கண்டுபிடிக்கிறது. அதுவே திறப்பு விலை. முந்தைய முடிவு விலையிலிருந்து படிப்படியாக இறங்கி வருவதல்ல இது, ஒரே ஏலம். 1,360இல் நூறு பங்குக்கு வாங்கும் ஆர்டர் இருந்தாலும், விற்க வந்தவர்கள் லட்சக்கணக்கில் இருக்கும்போது அந்த நூறும் 1,250இலேயே நிறைவேறும். எஃப் அண்ட் ஓ பட்டியலில் உள்ள பங்குகளுக்கு நிலையான சர்க்யூட் கிடையாது. பத்து சதவீதத்தில் ஒரு எல்லை தொடங்கும், தேவைப்பட்டால் தளரும். அன்றைய திறப்பு அந்தப் பத்து சதவீதத்தை ஒட்டியே அமைந்தது.

பெங்களூர் மர்பி டவுனில் எங்கள் தெருப் பையன் ஒருவன் அன்று என்னிடம் கேட்டான்: “அண்ணா, ஸ்டாப் லாஸ் போட்டு வெச்சிருந்தேனே, ஏன் விக்கல?” இந்தக் கேள்விக்குள் இரண்டு தனித்தனிக் கோளாறுகள் இருக்கின்றன. முதலாவது, பங்குச் சந்தைக்குப் போகும் சாதாரண ஸ்டாப் லாஸ் ஆர்டருக்கு ஆயுள் ஒரே நாள். வியாழன் மாலை மூன்றரைக்கு அது செத்துவிடுகிறது. அவன் அதைப் போட்டிருந்தால், மூன்று நாள் விடுமுறையில் அந்தப் பாதுகாப்பு எங்கேயும் இருந்திருக்காது. ப்ரீ ஓப்பன் ஏலத்திலும் ஸ்டாப் லாஸ் ஆர்டருக்கு இடமில்லை.

இரண்டாவது, அவன் உண்மையில் போட்டிருந்தது ஜிடிடி. அது புரோக்கரின் கணினியில் பல நாள் உயிரோடிருக்கும். விலை ட்ரிகரைத் தாண்டியதும் ஒரு லிமிட் ஆர்டரைச் சந்தைக்கு அனுப்பும். அவன் ட்ரிகர் 1,355, லிமிட் 1,350. 1,250இல் திறந்தபோது ட்ரிகர் வேலை செய்தது, ஆர்டரும் போனது. ஆனால் அதன் பொருள் ‘1,350க்குக் குறைந்து விற்காதே’ என்பது. 1,250 சந்தையில் 1,350 கேட்டு அது நாள் முழுக்க நின்றது. மார்க்கெட் விலை ஸ்டாப் லாஸாக அன்று காலை இருந்திருந்தால் விற்றிருக்கும், ஆனால் 1,250 அருகே. இப்படி, ஒன்று விற்காமல் விடும். மற்றது கிடைத்த விலைக்கு விற்கும். கோட்டின் விலையில் விற்றுத்தரும் ஆர்டர் என்று எதுவும் கிடையாது.

உண்மையான சேதம் கோட்டில் இல்லை, அந்தக் கோட்டை வைத்துப் போட்ட கணக்கில் இருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் மூலதனம் உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஒரு வியாபாரத்தில் ஒரு சதவீதம், அதாவது ஐயாயிரம் ரூபாய்க்கு மேல் இழக்கக் கூடாது என்பது அவர் விதி. நல்ல விதி. 1,389இல் வாங்குகிறார், ஸ்டாப் 1,355. பங்குக்கு 34 ரூபாய் ஆபத்து. 5,000ஐ 34ஆல் வகுத்து 147 பங்கு வாங்குகிறார். 1,250இல் வெளியேறும்போது பங்குக்கு 139 ரூபாய் இழப்பு, மொத்தம் 20,433. ஒரு சதவீத விதி நான்கு சதவீதத்தைத் தாண்டிவிட்டது. இதில் வஞ்சகமான இடம் ஒன்று உண்டு. ஸ்டாப்பை எவ்வளவு நெருக்கமாக வைக்கிறாரோ அவ்வளவு அதிகப் பங்கு வாங்கலாம் என்று அதே சூத்திரம் சொல்கிறது. 1,375இல் ஸ்டாப் வைத்தவர் 357 பங்கு வாங்கியிருப்பார்; அவர் இழப்பு சுமார் ஐம்பதாயிரம், மூலதனத்தில் பத்து சதவீதம். அதாவது, சாதாரண நாளில் கவனமானவராகத் தெரிகிறவர்தான் ரிசல்ட் நாளில் அதிகம் அடிபடுகிறார்.

பெங்களூரில் இந்தக் கணக்குக்கு இன்னொரு பக்கம் உண்டு. மர்பி டவுன், அல்சூர் பக்கத் தமிழ் வீடுகளில் மகனோ மகளோ ஐடி வேலையில் இருப்பது சாதாரணம். தெரிந்த துறை என்பதால் சேமிப்பும் ஐடி பங்குகளுக்கே போகிறது. ஒரு நிறுவனம் வளர்ச்சிக் கணிப்பைக் குறைக்கும் நாளில் அந்த வீட்டின் பங்கு மதிப்பும், சம்பள உயர்வுக்கான வாய்ப்பும் ஒரே காரணத்தால் சுருங்குகின்றன. சார்ட்டில் தெரியும் ஆபத்தைவிட வீட்டின் ஆபத்து பெரியது. இதைப் பற்றி யாரும் பேசாதது எனக்கு வருத்தம்.

‘கேப் எப்படியும் நிரம்பும்’ என்ற சொல்லையும் இங்கே சோதிக்கலாம். ஏப்ரலில் விட்ட இடைவெளி ஜூலை நடுவில் நிரம்பியது. பங்கு 1,389க்கு மேலே போனது. சொன்னவர்கள் சொன்னது சரி. ஆனால் 1,250இல் வெளியேறியவருக்கு அதனால் பயனில்லை. வெளியேறாமல் காத்திருந்தவரோ ஸ்டாப் லாஸ் முறையையே கைவிட்டவர். மேலும், அந்த ஜூலை 20 அன்று நிறுவனம் கணிப்பை 1 முதல் 3.5 சதவீதமாகக் குறைத்தது. மறுநாள் பங்கு மறுபடி எட்டு சதவீதம் சரிந்தது. நிரம்புமா என்பது சரியான கேள்வியாக எனக்குப் படவில்லை. நிரம்பும் வரை நிற்க முடியுமா, அதற்குள் அடுத்த ரிசல்ட் வருமா என்று கேட்கலாம்.

மத்திய வங்கி அறிவிப்பு சற்று வேறு வகை. ரிசர்வ் வங்கியின் வட்டிக் கொள்கைக் கூட்டங்களின் தேதிகள் முன்பே வெளியாகின்றன. ஆளுநர் காலை பத்து மணிக்குப் பேசுகிறார், சந்தை அப்போது திறந்திருக்கிறது. தினசரி சார்ட்டில் இடைவெளி தெரியாது. ஆனால் பத்து மணிக்குச் சற்று முன்பே வாங்க விற்க நின்ற பெரிய ஆர்டர்கள் விலகிவிடும். மிச்சமிருக்கும் சில ஆர்டர்களைத் தாண்டி விலை தாவும். ஒரு நிமிடச் சார்ட்டில்தான் அந்தத் தாவல் புலப்படும்.

தேதியே சொல்லாமல் வருவதும் உண்டு. 2022 மே 4 பிற்பகல் இரண்டு மணிக்கு ஆளுநர் சக்திகாந்த தாஸ், கால அட்டவணையில் இல்லாத அறிவிப்பில், ரெப்போ விகிதத்தை 4 சதவீதத்திலிருந்து 4.40க்கு உயர்த்தினார். சென்செக்ஸ் அன்று 1,300 புள்ளிகளுக்கு மேல் இழந்தது. 2015 ஜனவரி 15 இன்னும் விசித்திரமான நாள். காலையில் சந்தை திறக்கும் முன்பே அப்போதைய ஆளுநர் ரகுராம் ராஜன் எதிர்பாராமல் வட்டியைக் கால் சதவீதம் குறைத்தார். சென்செக்ஸ் 700 புள்ளிகளுக்கு மேல் ஏறியது. விலை குறையும் என்று ஷார்ட் போட்டவர்களின் ஸ்டாப்புகள் திறப்பிலேயே தாண்டப்பட்டன. அதே நாள், நம் கடிகாரத்தில் பிற்பகல் மூன்று மணிக்கு, சுவிஸ் தேசிய வங்கி யூரோவுக்கு 1.20 ஃபிராங்க் என்று 2011 முதல் காத்துவந்த தளத்தைக் கைவிட்டது. சில நிமிடங்களில் யூரோ 1.00 ஃபிராங்குக்கும் கீழே போனது. உலகிலேயே மிக உறுதியான சப்போர்ட்டாக அது தெரிந்தது, ஏனென்றால் அதைக் காத்தது ஒரு மத்திய வங்கி. காத்தவர் விலகியதும் நடுவில் வாங்க ஆளே இல்லை. பிரிட்டனின் அல்பாரி என்ற நாணய வர்த்தக நிறுவனம் அந்த இழப்பில் திவாலானது.

அப்படியானால் என்ன செய்வது? தேதி தெரிந்த நிகழ்வுக்கு, இழப்பு வரம்பை ஸ்டாப்பின் தூரத்தால் வகுக்காமல், அந்தப் பங்கு ரிசல்ட்டுக்குப் பின் எவ்வளவு தாவியிருக்கிறது என்பதால் வகுக்க வேண்டும். மேலே சொன்னவர் 12 சதவீதத் தாவலை வைத்துக் கணக்கிட்டால் பங்குக்கு சுமார் 167 ரூபாய். வாங்கக்கூடியது 147 இல்லை, 29. அதற்கு மேல் உள்ளதை ரிசல்ட்டுக்கு முன் விற்றுவிட வேண்டும். ஆப்ஷன் சந்தையும் உதவும்: நடப்பு விலையை ஒட்டிய கால், புட் இரண்டின் பிரீமியத்தையும் கூட்டிப் பங்கு விலையால் வகுத்தால், சந்தை எதிர்பார்க்கும் தாவல் எவ்வளவு என்று தோராயமாகத் தெரியும். புட் வாங்கி வைத்தால் கேப்பைத் தாண்டியும் பாதுகாப்பு நிற்கும், ஆனால் ரிசல்ட்டுக்கு முந்தைய நாள் அதன் விலை உப்பியிருக்கும். பங்கு அசையாவிட்டால் மறுநாள் காலையிலேயே பிரீமியம் வற்றிவிடும்.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. பல காலாண்டுகளில் இன்ஃபோசிஸ் அதைவிடக் குறைவாகவே நகர்கிறது. அவற்றை மட்டும் பார்த்தால் 12 என்பது மிகையான பயமாகத் தெரியும். ஆனால் 2013 ஏப்ரல் 12 அன்று, சந்தை திறக்கும் முன் வந்த 6 முதல் 10 சதவீத வளர்ச்சிக் கணிப்பால், அதே பங்கு ஒரே நாளில் 21 சதவீதம் விழுந்தது. 12 வைத்துக் கணக்கிட்டவரும் அன்று தன் விதியைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு இழந்திருப்பார், ஸ்டாப்பை மட்டும் நம்பியவர் எட்டு மடங்குக்கு மேல். 2019 அக்டோபரில் உள்ளிருந்து வந்த புகார்க் கடிதத்தால் பங்கு ஒரே நாளில் 16 சதவீதம் சரிந்தபோது நாட்காட்டியில் எந்தத் தேதியும் குறித்திருக்கவில்லை. அதற்கு ரிசல்ட் வாரத்தில் மட்டும் குறைத்துக்கொள்வது போதாது. ஒரே பங்கில் எப்போதுமே எவ்வளவு வைத்திருப்பது என்ற வரம்பு தனியாக வேண்டும்.