நண்டு காத்திருக்காது

கதிரவெளியில் ஒரு வீட்டுக் குசினியில் மத்தியானக் கறி ஆகும் விதத்தைக் கவனித்தால், ஆயத்தம் தனியாகவும் சமையல் தனியாகவும் நடப்பதில்லை என்று தெரியும். உலையில் அரிசி கொதிக்கும்போது மீன் துப்புரவாகிறது. தாச்சியில் வெங்காயம் வதங்கும்போது தேங்காய் திருவப்படுகிறது. கறி கொதித்து வரும் நேரத்தில் முதற்பால் பிழியப்படுகிறது. அடுப்பு தரும் இடைவெளிகளிலேயே அடுத்த வேலை முடிகிறது. எல்லாவற்றையும் முதலில் வெட்டி, அளந்து, கிண்ணங்களில் வைத்துவிட்டுத்தான் அடுப்பு மூட்டுவேன் என்று அந்த வீட்டுக்காரி இருந்தால், சாப்பாடு பிந்துமே தவிர முந்தாது.

இதே கரையோரத்தில் தெற்கே பாசிக்குடாவில், போர் முடிந்த பின் எழுந்த உல்லாச விடுதிகளின் குசினிகளில் நிலைமை நேரெதிர். இரவு ஏழு மணிக்கு முதல் ஓடர் வரும் முன் வெங்காயம், உள்ளி, இஞ்சி, பச்சைமிளகாய் எல்லாம் வெட்டித் தட்டுகளில் இருக்க வேண்டும். சாறுகள் காய்ச்சி, இறைச்சி பங்கிட்டு, உப்பும் எண்ணெயும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். பிரெஞ்சுச் சமையற்கூடங்கள் இதை ‘மீஸ் ஆன் பிளாஸ்’ என்கின்றன. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் லண்டன் சவோய் விடுதியின் குசினியை நடத்திய ஒகுஸ்த் எஸ்கோஃபியே, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு சமையலாளர், அவருக்கென்று ஒரு வேலை என்று பிரித்த ஒழுங்கோடு சேர்ந்தே இந்த முன்னாயத்தமும் உலக விடுதிகளுக்குப் பரவியது.

வீட்டுக்காரிக்குத் தேவைப்படாத ஒன்று விடுதிக்கு ஏன் தேவை? வேகம் என்று சொல்வார்கள். அது பாதிக் காரணம்தான். இன்று என்ன கறி, எத்தனை பேருக்கு என்று வீட்டுக்காரிக்குக் காலையிலேயே தெரியும். விடுதிச் சமையலாளருக்கு இரண்டும் தெரியாது. பத்து மேசைகள் ஒரே நேரத்தில் பத்து விதமாகக் கேட்கும். தெரியாததற்கு முன்னேற்பாடாகச் செய்யும் வேலைதான் முன்னாயத்தம். அதோடு ஒரு சோதனையும் அதில் இருக்கிறது: ரம்பை தீர்ந்துவிட்டது என்பது மாலை நான்கு மணிக்குத் தெரிந்தால் ஆளனுப்பலாம், இரவு எட்டரைக்குத் தெரிந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

இந்த முறை முழுதாக வெற்றி பெறும் இடத்தைப் பார்க்க விடுதிக்குப் போக வேண்டியதில்லை. மட்டக்களப்பின் எந்தக் கொத்துரொட்டிக் கடையிலும் பார்க்கலாம். ரொட்டி முன்பே சுட்டுக் கீலமாக வெட்டியிருக்கும். கோவா, லீக்ஸ், கரட் சீவியிருக்கும். கோழிக்கறியும் குழம்பும் சூடாக நிற்கும். தட்டு ஏறிய சூட்டில் ஒரு கொத்து நான்கைந்து நிமிடத்தில் முடிகிறது. அந்தச் சூட்டில் உள்ளி கருக அரை நிமிடம் போதும். கையில் இரண்டு தகடுகளோடு நிற்பவர் திரும்பி வெங்காயம் தேட முடியாது. சூடு கூடவும் நேரம் குறையவும் முன்னாயத்தத்தின் தேவை கூடுகிறது. இங்கே எனக்கு மறுப்பே இல்லை.

மறுப்பு நண்டில் தொடங்குகிறது. பனிச்சங்கேணி, வாகரைப் பக்கத்துக் களப்புகளில் பிடிபடும் சேற்று நண்டு, கால் கட்டி, ஈரச் சாக்கில் உயிரோடு குசினிக்கு வருகிறது. இருபது பங்குக்கு ஓடர் வரலாம் என்று மாலையிலேயே எல்லாவற்றையும் ஓடு கழற்றி, செவுள் களைந்து, துண்டாக்கிப் பெட்டியில் அடுக்குவதுதான் முன்னாயத்த ஒழுங்குக்குப் பொருந்தும். ஆனால் நண்டு செத்த கணத்திலிருந்து அதன் செரிமானச் சுரப்பியில் உள்ள நொதிகள் சதையைக் கரைக்கத் தொடங்கிவிடும். குளிரில் அது மெதுவாகுமே ஒழிய நிற்காது. வெட்டிய பக்கம் கருமை தட்டும். அவிந்தபின் சதை நாராகப் பிரியாமல் மாவாகக் குழையும். இன்னும் பிந்தினால் நவச்சார வாடை வரும். மசாலா கூட்டி அந்த வாடையை ஓரளவு மறைக்கலாம், குழைந்த சதையைத் திரும்ப இறுக்க முடியாது. எட்டுப் பேர்தான் நண்டு கேட்டார்கள் என்றால் மிச்சம் பன்னிரண்டு பங்கும் நாளைக்கு உதவாது. உயிரோடு சாக்கில் இருந்திருந்தால் அவை நாளையும் நண்டுதான். தொட்டதும் கண்ணை உள்ளிழுக்கிறதா என்று பார்த்தே அதை அறிந்துகொள்ளலாம்.

இரண்டாவது சிக்கல் தேங்காய்ப்பால். பிரெஞ்சுக் குசினியின் முன்னாயத்தம் வெண்ணெய், வைன், எலும்புச்சாறு என்று ஓரளவு காத்திருக்கும் பொருள்களைச் சுற்றி வளர்ந்தது. பிழிந்த பால் அப்படிப்பட்டதல்ல. நம் வெயிலில் வெளியே வைத்தால் சில மணித்தியாலத்தில் புளிக்கத் தொடங்கும், மேலே சிறு குமிழிகள் காட்டிக்கொடுக்கும். குளிரில் வைத்தாலோ அதன் கொழுப்பு மேலே கட்டியாக உறைகிறது. அந்தக் கட்டியைக் கொதிக்கும் கறியில் விட்டால் பால் பிரிந்து எண்ணெயாக மிதக்கும். பெட்டியிலோ டின்னிலோ வரும் பாலை எடுத்துக்கொண்டு இதைக் கடந்துவிட்டதாக நினைக்கும் குசினிகள் உண்டு. கறி பிரிவதில்லை, உண்மை. கிழக்குக் கரை நண்டுக்கறியின் இனிப்பும் அதில் இருப்பதில்லை, அதுவும் உண்மை.

ஆகவே ஒரு நண்டுக்கறியை எங்கே வெட்டிப் பிரிப்பது என்பதுதான் கேள்வி. வெங்காயம், உள்ளி, இஞ்சி, ரம்பை, வறுத்த கறித்தூள் எல்லாவற்றையும் எண்ணெயில் நன்றாக வதக்கிய கூட்டு காத்திருக்கும், அடுத்த நாள் ருசி கூடவும் செய்யும். அதைக் காலையில் செய்யலாம். ஆழச் சட்டியில் விடாமல் அகன்ற தட்டில் பரப்பி, இரண்டு மணித்தியாலத்துக்குள் 21 பாகைக்கும், அதன்பின் நான்கு மணித்தியாலத்துக்குள் 5 பாகைக்கும் இறக்க வேண்டும். தேங்காயைத் திருவிக் குளிரில் வைக்கலாம், பிழியக்கூடாது. முருங்கையிலை உருவி வைக்கலாம். நண்டு மட்டும் சாக்கிலேயே இருக்கும். ஓடர் வந்ததும் கூட்டைச் சூடாக்க ஒருவர், நண்டைப் பனிக்கட்டியில் போட்டு மயங்கவைக்க ஒருவர். மயங்க இருபது நிமிடம் பிடிக்கும் என்பதால், ஆறரை மணியிலிருந்தே இரண்டு மூன்று நண்டு முறைவைத்துப் பனியில் இருப்பது நல்லது. துப்புரவாக்கி, இரண்டாம் பாலில் பத்து நிமிடம் அவித்து, அந்த நேரத்தில் பிழிந்த முதற்பாலை விட்டு, ஒரு கொதியோடு முருங்கையிலை போட்டு இறக்கினால் ஓடரிலிருந்து இருபத்தைந்து நிமிடம்.

குளிர்பெட்டியை நம்பிய ஆயத்தம் எவ்வளவு பலவீனமானது என்பதை 2022 மார்ச் இறுதி காட்டியது. நாடு முழுக்க ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லை. முதல்நாளே வெட்டி நிரப்பி வைத்த குசினிகளுக்கு அடுக்கடுக்காக நட்டம். சாக்கில் நண்டும் மூலையில் முழுத்தேங்காயும் வைத்திருந்தவருக்கு அந்த அளவு இழப்பில்லை. கிழக்கில் மழைக்காலம் தொடங்கி விருந்தினர் குறையும் மாதங்களிலும் இதே கணக்குத்தான்: யாரும் கேட்காத ஆயத்தம் குப்பைக்குப் போகிறது.

இன்னொரு இழப்பைப் பற்றிப் பலர் பேசுவதில்லை. வாகரை, கதிரவெளிப் பக்கத்துப் பிள்ளை ஒன்று விடுதியில் சேர்ந்தால் முதல் மாதங்கள் முழுக்க வெங்காயம்தான். நண்டு சதைப்பிடிப்பானதா, ஓடு மாற்றி நீர் கோத்ததா என்று கையில் எடுத்ததும் சொல்லக்கூடிய பிள்ளைகள் இவர்கள். அந்த அறிவு சின்ன வயதிலேயே களப்பில் கிடைத்தது. வெட்டுபவர் ஒருவர், சமைப்பவர் வேறொருவர் என்று பிரித்த குசினியில் அதைக் கேட்க ஆளில்லை. நான் மேலே சொன்ன முறைக்கு ஏழு மணி முதல் ஒன்பதரை வரை நண்டுக்கென்றே ஒருவர் வேண்டும். சம்பளம் கூடும் என்று முகாமையாளர்கள் தயங்குவார்கள். நீர் கோத்த நண்டை வாசலிலேயே திருப்பி அனுப்பக்கூடிய ஒருவரைக் குசினிக்குள் வைத்துக்கொண்டே வெங்காயத்தட்டில் கட்டிப்போடுவதில்தான் செலவு கூடுதல் என்பது என் கணக்கு.