இரசனையும் பரிந்துரைக் கணக்கும்

நெற்ஃபிளிக்ஸ் செயலியைத் திறந்ததும் விரியும் பக்கத்தை ஒரு கடை அலுமாரி என்றே நம்மிற் பலர் எண்ணுகின்றனர். அலுமாரியாயின் எவர் வந்து பார்த்தாலும் அதே பொருள்கள் அதே ஒழுங்கில் இருத்தல் வேண்டும். இங்கோ வரிசைகளும், வரிசைக்குட் படங்கள் நிற்கும் முறையும் ஆளுக்கு ஆள் வேறுபடுகின்றன. அந்நிறுவனத்தைச் சார்ந்த கோமஸ்-உரிபே, ஹன்ட் ஆகிய இருவரும் 2015இல் வெளியிட்ட கட்டுரையின்படி, மக்கள் பார்க்கும் நேரத்தில் ஏறத்தாழ 80 சதவீதத்துக்கு இப்பரிந்துரைகளே வழிகாட்டுகின்றன. பத்திருபது தலைப்புகளைப் பார்த்ததும், அதாவது 60 முதல் 90 வினாடிகளுக்குள், பார்ப்பவர் ஊக்கமிழந்துவிடுகிறார் என்றும் அவர்கள் எழுதினர். எனவே முதற்பக்கத்துக்கு வராத படம் பெரும்பாலார்க்கு இல்லாத படமே.

இக்கணக்கு எதை அளக்கின்றது என்பதே நாம் எழுப்பவேண்டிய வினா. 2006இல் அந்நிறுவனம் பத்து இலட்சம் டொலர் பரிசொன்றை அறிவித்தது. பார்வையாளர் ஒரு படத்துக்கு எத்தனை நட்சத்திரம் இடுவார் என்பதை, தன் சொந்தக் கணிப்பைவிடப் 10 சதவீதம் செம்மையாக முன்னறிபவருக்கு அது உரியது. 2009இல் ஒரு குழு அதனை வென்றது. ஆனால் 2017இல் நட்சத்திரங்களே நீக்கப்பட்டு, மேல்நோக்கிய பெருவிரலும் கீழ்நோக்கிய பெருவிரலும் அவற்றின் இடத்தைப் பெற்றன. மக்கள் கனமான விவரணப் படங்களுக்கு ஐந்து நட்சத்திரம் இடுகிறார்கள், ஆனால் மாலையில் இலேசான நகைச்சுவைப் படங்களையே பார்க்கிறார்கள் என்பது அப்போது கூறப்பட்ட விளக்கம். அதாவது சொல்லை விட்டு, செய்கையைப் பின்பற்றுவோம் என்பதாகும்.

இவ்வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. எனினும் நட்சத்திரம் இடுதல், எவ்வளவு குறையுடையதாயினும், ஒரு தீர்ப்பு. பார்த்து முடித்தல் ஒரு நடத்தை. பகல் முழுதும் கற்பித்துக் களைத்த ஓர் ஆசிரியர் மூன்று வாரம் இரவுதோறும் அடிதடிப் படங்களைப் பார்த்தாரெனக் கொள்வோம். அவருடைய களைப்பே அவருடைய இரசனையாகப் பதியப்படுகின்றது. நான்காம் வாரம் அவருக்கு ஓய்வு கிடைக்கிறது, பக்கத்தைத் திறக்கிறார், வரிசைகளில் அடிதடிப் படங்களே மிகுந்திருக்கின்றன. அவற்றுளொன்றைத் தெரிகிறார். கணிப்பு சரியென்பதற்கு அத்தெரிவே சான்றாகிவிடுகின்றது. காட்டப்படாத படத்தை அவர் விரும்பியிருப்பாரா என்பதற்கு எப்பதிவும் பிறப்பதில்லை.

குறுகுதல் படங்களின் தெரிவோடு நிற்பதுமில்லை. 'குட் வில் ஹன்டிங்' படத்தை எடுத்துக்காட்டி 2017இல் அந்நிறுவனமே விளக்கியது: காதற் படங்களைப் பார்ப்பவருக்கு மற் டேமனும் மின்னி டிறைவரும் இணைந்த படிமம், நகைச்சுவை நாடுபவருக்கு றொபின் வில்லியம்ஸின் முகம். முன்னரே நாம் அறிந்த வாசனையை நீட்டித்தான் புதியதொன்றும் நம்மிடம் தரப்படுகின்றது. 2018இல் 'லைக் ஃபாதர்' என்ற படத்தின் முதன்மை நடிகர்கள் வெள்ளையராயிருக்க, கறுப்பினப் பார்வையாளர் சிலருக்குச் சில நிமிடமே தோன்றும் கறுப்பின நடிகர்களின் படிமம் காட்டப்பட்டதெனக் கண்டனம் எழுந்தது. தாம் எவரிடமும் இனத்தைக் கேட்பதில்லை, பார்த்தவற்றின் பதிவையே கொள்கின்றோம் என்று நிறுவனம் விடையிறுத்தது. அவ்விடை மெய்யென்றே கொண்டாலும் நமது ஐயம் தீர்வதில்லை. கேளாமலே அவ்விடத்துக்குச் சென்று சேரும் கணக்கு, கேட்கும் கணக்கினும் ஆராயத்தக்கது.

தம் பக்கம் எவ்வளவு குறுகியுள்ளதென அறிய விரும்புவோர், அதே கணக்கில் வெறுமையான புதிய சுயவிவரமொன்றைத் திறந்து இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். பழையதைத் திருத்த, இணைய உலாவியிற் கணக்குப் பக்கத்துக்குச் சென்று `Viewing activity` என்னும் பட்டியலைத் திறந்து, களைப்பிற் பார்த்தவற்றை மறைத்துவிடலாம். ஒரு நாளுக்குள் அவை கணிப்பினின்றும் நீங்கும். இதனினும் பயனுள்ளது, அதே உலாவியில் `Browse by Languages` வழியே ஒரு மொழியைத் தெரிந்து, வெளியான ஆண்டின்படி வரிசைப்படுத்துவதாகும். அவ்வொழுங்கு நம் பழக்கத்தை நோக்குவதில்லை. எல்லாவற்றினும் மேலாக, எதைப் பார்ப்பது என்பதை நண்பர் சொல்லிலிருந்தோ திரைப்பட விமர்சனத்திலிருந்தோ முன்னரே குறித்துக்கொண்டு, பெயரைத் தட்டித் தேடுவதே நாம் கண்ட நல்ல வழி.

ஆனால் தேடலிலும் ஒரு பொறி உண்டு. நாம் கேட்ட படம் அங்கே இல்லையாயின், 'இல்லை' என்று மட்டும் சொல்லி அது நிறுத்திக்கொள்வதில்லை. தொடர்புடையன என்று வேறு படங்களைப் பரப்பிவிடுகின்றது. அந்நிலையிற் செயலியை மூடிவிட்டு, நூலகத்திலோ திரைப்பட வட்டத்திலோ அப்படத்தை விசாரித்தல் வேண்டும். உரிமை வாங்கப்படாத படத்தை எந்தச் சுயவிவர மாற்றமும் கொண்டுவந்து தராது.