மண்கல் வீடும் மே மாத இரவும்

மண்ணோடு கொஞ்சம் சிமென்ட் கலந்து, எந்திரத்தில் அழுத்திச் செய்த கற்களால் வீடு கட்டும் மோகம் இப்போது கடலோர ஊர்களிலும் பரவிவிட்டது. பூசாமல் விட்ட செம்மண் நிறச் சுவரைக் காட்டும் காணொளிகளில் தவறாமல் ஒரு வாசகம் வருகிறது: "ஏசியே தேவையில்லை, மண்சுவர் வெயிலைத் தடுத்துவிடும்." சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வரையிலான கடற்கரைக்கு இந்த வாசகம் பொருந்தாது. பல ஆண்டுகளாக இதைச் சொல்லி வருகிறேன். வீடு கட்டுகிறவர்கள் இதை நம்பித்தான் பணத்தைப் போடுகிறார்கள் என்பதால் மறுபடியும் சொல்ல வேண்டியிருக்கிறது.

மண்கல்லின் மற்ற நன்மைகளில் எனக்குச் சண்டையில்லை. சூளை வேண்டாம், விறகு வேண்டாம். நல்ல மண்ணாக இருந்தால் 5 விழுக்காடு சிமென்ட் போதும். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் அஸ்ட்ரா குழு 1970களிலிருந்து செய்த ஆய்வும், ஆரோவில் எர்த் இன்ஸ்டிடியூட் உருவாக்கிய எந்திரங்களும் பயிற்சியும் பெரும் பணி. ஆரோவில் பார்வையாளர் மையம் 1992இல் ஹசன் ஃபாத்தி விருது பெற்றது தகுதியானதுதான். வீடு குளிரும் என்ற வாக்குறுதி மட்டும் தனியாகச் சோதிக்க வேண்டியது.

சுவர் வெப்பத்தோடு இரண்டு வேலை செய்கிறது. ஒன்று தடுப்பது, மற்றொன்று தேக்கிவைத்துத் தாமதமாக விடுவது. காற்றை உள்ளே பிடித்துவைத்திருக்கும் இலேசான பொருள்கள் தடுக்கும். கனமான பொருள்கள் தேக்கும். மண்கல் கனமானது, அழுத்த அழுத்த அதிலுள்ள காற்று வெளியேறி வலிமை கூடும், தடுப்பு குறையும். 24 செ.மீ. மண்கல் சுவர், உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால், சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 2.4 வாட் வெப்பத்தைக் கடத்தும். இருபக்கமும் பூசிய ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் கடத்துவது ஏறத்தாழ 2 வாட். மண்ணுக்கும் செங்கல்லுக்கும் தகுந்தபடி இந்த எண்கள் கொஞ்சம் ஏறி இறங்கும். ஆனாலும் எந்தச் செங்கல்லை விடச் சிறந்தது என்று சொல்லி விற்கிறார்களோ, அந்தச் செங்கல்லை விட மண்கல் வெப்பத்தை அதிகம் தடுத்துவிடவில்லை.

அப்படியானால் மீதியிருப்பது தேக்கும் குணம். அதன் கணக்கு எளிது. இந்தத் தடிமனில் வெப்ப அலை வெளிமுகத்திலிருந்து உள்முகத்துக்கு வந்துசேர ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மேற்குப் பார்த்த சுவரை எடுத்துக்கொள்வோம். மே மாதம் மாலை நான்கு மணிக்கு வெயில் நேரடியாக அதன்மேல் விழுகிறது. காற்று 37 டிகிரி இருக்கும்போது, நிறம் அடர்ந்த, பூசாத சுவரின் மேற்பரப்பு அதைவிடப் பல டிகிரி கூடுதலாகச் சுடும். அந்தச் சூடு உள்ளே வந்து உச்சம் தொடுவது இரவு பதினொரு மணிவாக்கில், வீட்டில் உள்ளவர்கள் பாயை விரித்துப் படுக்கும் நேரத்தில். பகலில் யாரும் இல்லாத அறையைக் காத்த சுவர், இரவில் ஆள் படுத்த பிறகு வெப்பத்தை விடுகிறது. கையை வைத்துப் பார்த்தாலே தெரியும்: நள்ளிரவில் அந்தச் சுவர் வெதுவெதுப்பாக இருக்கும்.

ஜன்னலைத் திறந்துவைத்தால் இரவுக் காற்று சுவரைக் குளிர்விக்கும் என்று பதில் சொல்வார்கள். குளிர்விக்கும், இரவுக் காற்று குளிர்ந்திருந்தால். பெங்களூரில் ஏப்ரல் மாதப் பகல் 34 டிகிரி, இரவு 22 டிகிரி. அங்கே சுவர் தேக்கிய வெப்பம் இரவில் இறங்கிவிடும். மறுநாள் காலையில் சுவர் புதிதாகத் தொடங்கும். சென்னையில் மே இரவு சராசரியாக ஏறத்தாழ 28 டிகிரி வரைதான் இறங்கும், காற்றிலும் ஈரம் நிறைந்திருக்கும். சுவர் முழுதாக ஆறுவதற்குள் அடுத்த நாள் வெயில் ஏறிவிடுகிறது. பீடபூமியில் சரியாக வேலை செய்த ஒன்றை அளந்து பார்க்காமல் கடற்கரைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

பாட்டி காலத்து மண்வீடு குளிர்ச்சியாக இருந்ததே என்று கேட்காதவர் இல்லை. இருந்தது. அதன் கூரை பனையோலையோ நாட்டு ஓடோ. தாழ்வாரம் சுவரிலிருந்து நாலைந்து அடி வெளியே நீண்டு, வெயிலும் மழையும் சுவரைத் தொடாதபடி மறைத்தது. கோடையில் திண்ணையிலோ முற்றத்திலோதான் படுத்தார்கள். இன்றைய மண்கல் வீடோ இரண்டு மாடி. மேலே கான்கிரீட் தளம். அழகு கெட்டுவிடும் என்று சன்ஷேடு அரையடி, அல்லது அதுவும் இல்லை. பழைய வீட்டைக் குளிர்வித்த நிழலை எடுத்துவிட்டு, சுவரை மட்டும் வைத்துக்கொண்டு, அதன் பெயரை இதற்குச் சூட்டுகிறார்கள்.

அதே நிழல் இல்லாததால்தான் தண்ணீரும் வருகிறது. ஐப்பசி கார்த்திகையில் காற்றோடு சாய்ந்தடிக்கும் மழை, பூசாத சுவரை நாள்கணக்கில் நனைக்கிறது. மண்கல் நனைந்தால் உலர்ந்த வலிமையில் ஏறத்தாழ பாதியை இழக்கும். அதனால்தான் நல்ல பொறியாளர் கல்லைத் தண்ணீரில் ஊறவைத்து உடைத்துப் பார்த்த எண்ணையே கேட்பார். ஈரச் சுவர் வெப்பத்தையும் கூடுதலாகக் கடத்தும். சுவரின் அடியில் முழங்கால் உயரத்துக்கு வெள்ளை உப்பு பூத்திருந்தால், சாவியால் கீறும்போது கல்லின் விளிம்பு மாவாக உதிர்ந்தால், தண்ணீர் உள்ளே போய் வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதற்கு மேலே பளபளப்பான சீலரைப் பூசுவது தீர்வாகாது. கீழிருந்து ஏறும் ஈரம் வெளியேற வழியில்லாமல் பூச்சோடு சேர்த்துக் கல்லின் முகத்தையும் உரித்துக்கொண்டு வரும்.

வெப்பத்தை உண்மையிலேயே தடுக்கும் சுவர் வேண்டுமென்றால் வைக்கோல் கட்டைச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். தடுப்பில் அதற்கு நிகரில்லை. 45 செ.மீ. வைக்கோல் சுவர், அதே ஒரு டிகிரிக்கு 0.2 வாட்டுக்கும் குறைவாகவே கடத்தும். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மணற்குன்றுகளில், ஆர்தர் என்ற ஊரில் 1928இல் வைக்கோல் கட்டுகளால் கட்டிய தேவாலயம் இன்றும் நிற்கிறது. அது வறண்ட காற்றுள்ள நாடு. வைக்கோலின் எடையில் ஈரம் 20 விழுக்காட்டைத் தாண்டி நீடித்தால் பூஞ்சை பிடிக்கும், மக்கும். நம் கடற்கரையில் காற்றின் பனிநிலை ஆண்டின் பல மாதங்கள் 25 டிகிரியை ஒட்டியே இருக்கிறது. வைக்கோல் சுவரின் முழுப் பயன் ஏசி அறையில்தான் கிடைக்கும். அறையை 24 டிகிரியில் வைத்தால் என்ன நடக்கும்? வெளியிலுள்ள ஈரக்காற்று, "மூச்சுவிடும்" என்று புகழப்படும் சுண்ணாம்புப் பூச்சு வழியாக உள்ளே நுழைந்து, குளிர்ந்த உள்பூச்சின் முதுகில் சேரும். அந்த இடத்தில் வைக்கோல் வெளியே தெரியாமல் நனைகிறது. உள்ளே பிளாஸ்டிக் பெயின்ட் அடித்திருந்தால் அந்த ஈரம் உலரவும் வழியில்லை. கரையானைப் பற்றி இன்னும் பேசவே இல்லை.

மண்கல்லில் கட்ட விரும்புகிறவர் கட்டட்டும். மேற்கிலும் கிழக்கிலும் வராந்தாவோ மாடிப்படியோ குளியலறையோ வந்து சுவரை மறைக்கட்டும். மறைக்க முடியாத சுவருக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிக்கட்டும். இரண்டடியாவது கூரை நீளட்டும். தளத்தின் மேல் வெப்பத் தடுப்பு போடட்டும். செலவு செய்யுமுன் ஒரு வேலை: கட்டுநர் பெருமையாகக் காட்டும் வீட்டுக்கு மே மாதத்தில் போகும்போது, பகல் பன்னிரண்டு மணிக்குப் போகாமல் இரவு பதினொரு மணிக்குப் போங்கள். மேற்கு அறையில் ஏசியையும் மின்விசிறியையும் நிறுத்தச் சொல்லி, சுவரின் உள்முகத்தில் வெப்பமானியை வையுங்கள். வெளிக்காற்றின் அளவையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டு எண்களையும் தரத் தயங்குகிற கட்டுநரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.