நடுக்கதிரையிலிருந்து எண்ணுதல்

"சுதந்திர இந்தியாவின் முதல் அமைச்சரவை, 1947" என்ற குறிப்போடு ஒரு குழுப்படம் அடிக்கடி அச்சாகிறது. பதினொருவர் உட்கார்ந்திருக்க, பின்னால் பத்துப் பேர் நிற்கிறார்கள். இந்தக் குறிப்பில் எனக்கு உடன்பாடில்லை. காரணம் படத்திலேயே இருக்கிறது.

1947 ஓகஸ்ட் 15இல் வெளியான பட்டியலில் இருப்பது பதினான்கு பெயர்கள். படத்திலோ இருபத்தொரு பேர். பட்டியலிலுள்ள பாபாவும் சண்முகம் செட்டியும் படத்தில் இல்லை. நடுக்கதிரையில் இருப்பவர் நேரு அல்ல, ராஜேந்திர பிரசாத். 1947இல் அவர் உணவு, விவசாய அமைச்சர்தானே? பிரதமரை ஓரமாக்கிவிட்டு ஓர் அமைச்சர் நடுவில் உட்காருவாரா? 1950 ஜனவரி 26இல் ஜனாதிபதியான பிறகுதான் அந்த இடம் அவருக்குப் பொருந்தும். படத்திலுள்ள சியாமா பிரசாத் முகர்ஜியும் நியோகியும் 1950 ஏப்ரலில் விலகிவிட்டார்கள். ஆகவே படம் இந்த இடைவெளிக்குள் எடுத்ததாகவே இருக்க முடியும். அதன் திகதி 1950 ஜனவரி 31.

அப்படியானால் 1947 பட்டியல் பயனற்றதா? இல்லை. அதிலிருந்து பிரசாத், பாபா, செட்டி மூவரையும் நீக்கிவிட்டு வாசியுங்கள்: நேரு, பட்டேல், ஆசாத், மத்தாய், பல்தேவ் சிங், ஜகஜீவன் ராம், கித்வாய், அம்ரித் கௌர், அம்பேத்கர், முகர்ஜி, காட்கில். இனி நடுக்கதிரையிலிருந்து, ஜனாதிபதியின் வலக்கைப் பக்கம் ஒருவர், இடக்கைப் பக்கம் ஒருவர் என்று மாறிமாறி வையுங்கள். நேரு வலம், பட்டேல் இடம். ஆசாத் வலம், மத்தாய் இடம். இப்படியே போனால் பார்ப்பவருக்கு இடது ஓரத்தில் அம்பேத்கரும் வலது ஓரத்தில் முகர்ஜியும் வருவார்கள். படத்திலும் அப்படியேதான். கதிரை முடிந்துவிட்டதால் பதினோராமவரான காட்கில் பின்வரிசையின் நடுவில் நிற்கிறார். பின்வரிசை என்றாலே இளையவர்கள் என்று எண்ணுவதும் இதனால் தவறாகிறது.

பட்டியலை இடமிருந்து வலமாக அப்படியே அடுக்கியிருந்தால் பெரும்பாலான பெயர்கள் தவறான முகத்தில் விழுந்திருக்கும்.

ஒரு சோதனை மட்டும் தவறக்கூடாது. படம் புரட்டி அச்சாகியிருந்தால் ஆசாத்தின் பெயர் மத்தாயின் முகத்துக்குப் போய்விடும். அதற்கு ஐயமற்ற ஒருவரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இங்கே அவர் ஒரே பெண்மணியான அம்ரித் கௌர். பார்ப்பவரின் இடமிருந்து எண்ணினால் அவர் பத்தாவதாக வரவேண்டும். இரண்டாவதாக வந்தால் படம் புரண்டிருக்கிறது.

நம் வீடுகளிலும் பள்ளிவாசல்களிலும் தொங்கும் பழைய குழுப்படங்களுக்குப் பெயர் எழுதுவோர் இவ்வளவாவது செய்யலாம்: முதலில் ஆட்களை எண்ணுங்கள்; நடுவில் இருப்பவர் எந்த நாளில் அந்தப் பதவியில் இருந்தார் என்று பாருங்கள்; அந்த நாளின் பட்டியலை நடுவிலிருந்து இருபக்கமும் வைத்துப் பாருங்கள். வரிசை சொல்வது யாரை எங்கே எதிர்பார்க்கலாம் என்பதை மட்டுமே. வேறு படத்தோடு முகம் ஒத்துப்போனால்தான் பெயரை எழுத வேண்டும். ஒத்துப்போகாத இடத்தை வெறுமையாக விடுவதே ஒழுங்கு. பிழையான பெயரை அடுத்த நூலாசிரியர் அப்படியே எடுத்துவிடுவார்.