இதயச் செயலிழப்பு: இருமொழிச் சொற்பட்டியலில் ஒரு பதிவின் மறுபரிசீலனை

மருத்துவ மொழிபெயர்ப்புக் குழுக்களுக்கான சொற்பட்டியல்கள் பெரும்பாலும் ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு நேரே ஒரு தமிழ்ச் சொல்லை நிறுத்துவதோடு அமைகின்றன. இதயவியலில் இம்முறை இடறும் இடம் 'ஹார்ட் ஃபெயிலியர்'. அதற்குப் பரவலாக வழங்கும் 'இதயச் செயலிழப்பு' தக்கதுதானா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

முதலில் மூன்று கருத்துகளைப் பிரித்தறிய வேண்டும். மாரடைப்பில் இதயத் தசைக்குக் குருதி தரும் தமனி அடைபட்டுத் தசையின் ஒரு பகுதி மடிகிறது. இதயம் பெரும்பாலும் துடித்துக்கொண்டே இருக்கும். 'கார்டியாக் அரெஸ்ட்' என்பதில் இதயத்தின் இயக்கமே திடீரென நின்று குருதியோட்டம் அறுகிறது. 'ஹார்ட் ஃபெயிலியர்' நிலையிலோ இதயம் நிற்பதில்லை; உடலின் தேவைக்குப் போதிய அளவு குருதியை இயல்பான அழுத்தத்தில் செலுத்த இயலாமல் தவிக்கிறது. நோயாளி மருந்துகளோடு பல்லாண்டு வாழக்கூடும். ஆயினும் 'செயலிழப்பு' என்று படிப்பவர் இதயம் நின்றுவிட்டதாகவே கொள்வார். 'நாட்பட்ட இதயச் செயலிழப்பு' என்னும் தொடரில் இம்முரண் வெளிப்படையாகவே தெரிகிறது.

ஒரு சொல்லைத் தனியே எடைபோடுவது போதாது. அது இடம்பெறும் தொடர்களிலும் வைத்துப் பார்க்க வேண்டும். இடது கீழறையில் நிரம்பிய குருதியில் ஒரு துடிப்புக்கு வெளியேறும் பங்கே வெளியேற்றப் பின்னம். 120 மில்லிலிட்டர் நிரம்பி 72 வெளியேறினால் அது 60 விழுக்காடு. 2021இல் வெளியான பன்னாட்டு வரையறை 40 அல்லது அதற்குக் கீழ் இருப்பதைக் குறைந்த பின்னம் என்றும், 50 அல்லது அதற்கு மேல் இருப்பதைப் பேணப்பட்ட பின்னம் என்றும் வகுக்கிறது. பின்னம் பேணப்பட்டும் நோய் உண்டாவதற்குப் பெரும்பாலும் கீழறை விறைத்து, எளிதில் நிரம்ப மறுப்பதே காரணம்.

செயலிழப்புக்கு மாற்றாக 'இதயத் திறன்குறைவு' என்பாரும் உளர். அது அச்சத்தைக் குறைக்கும். ஆனால் 'பின்னம் பேணப்பட்ட இதயத் திறன்குறைவு' என்னும்போது திறன் குறைந்ததா, இல்லையா என்ற ஐயம் எழுகிறது. 'இதயப் போதாமை' இரு வகைக்கும் பொருந்துகிறது. இதற்கும் ஒரு விலையுண்டு: ஆங்கிலத்தில் வால்வு நோய்க்கும் 'இன்சஃபிஷியன்சி' எனும் சொல் வழங்குவதால், வால்வுப் பதிவில் 'போதாமை' நுழையலாகாது, அங்கே 'பின்கசிவு' எனத் தெளிவாக விதிக்க வேண்டும்.

எனவே ஒவ்வொரு பதிவும் வரையறை, ஏற்ற சொல், விலக்கிய சொல், விலக்கியதன் காரணம் ஆகிய நான்கையும் கொண்டிருத்தல் வேண்டும். செயலிழப்பை முற்றிலும் நீக்குவது இயலாது. மருத்துவமனைத் தாள்களில் அது வேரூன்றிவிட்டது. அதை 'வழக்கில் உள்ளது, நோயாளிக்கான தாளில் தவிர்க்க' என்று குறிக்கலாம். அத்தாளில் முதல் வரவின்போது 'ஹார்ட் ஃபெயிலியர் எனப்படும் இதயப் போதாமை' என எழுதுவது, மருத்துவர் வாயால் கேட்டதையும் தாளில் படிப்பதையும் இணைக்கும்.

தேர்வு சரியா என்பதை அறியும் வழி எளிது. மூலத்தைக் காணாத வேறொரு மொழிபெயர்ப்பாளரிடம் தமிழ்த் தொடரை மட்டும் தந்து ஆங்கிலமாக்கச் சொல்ல வேண்டும். 'கார்டியாக் அரெஸ்ட்' என்று திரும்பி வந்தால் அப்பதிவைத் திருத்தியே ஆக வேண்டும்.