ரோகிணியா, மிருகசீரிடமா?

ஏற்காட்டில் ஒரு பெண், சேலத்தில் ஒரு பையன். பெண் வீட்டார் பார்த்த ஜோசியர் பத்துக்கு எட்டுப் பொருத்தம், தாராளமாகச் செய்யலாம் என்கிறார். பையன் வீட்டார் பார்த்தவர் ரஜ்ஜு தட்டுகிறது, தொடவே தொடாதீர்கள் என்கிறார். இது நான் விளக்கத்துக்காகக் கட்டிய உதாரணம். ஆனால் கல்யாணப் பேச்சு நடக்கும் வீடுகளில் இதன் சாயலைக் கேட்டிருக்காதவர் குறைவு. இந்த நிலையில் பெரும்பாலான குடும்பங்கள் செய்வது மூன்றாவது ஜோசியரைத் தேடுவது. அது பெரும்பாலும் வீண் வேலை என்பது என் கருத்து. முதல் இருவரும் எந்த இடத்தில் பிரிந்தார்கள் என்று தெரியாமல் மூன்றாமவரிடம் போனால், அவர் ஏதோ ஒரு பக்கம் சேர்ந்துகொள்வார். புதிதாக ஒன்றும் தெரியவராது.

பிரிந்த இடத்தைக் கண்டுபிடிப்பது அவ்வளவு கடினமில்லை. இருவரிடமும் நான்கு விஷயங்களை எழுதி வாங்கினால் போதும்: பெண்ணின் நட்சத்திரமும் பாதமும், பையனுடையவை, எந்தப் பஞ்சாங்கத்தைக் கொண்டு கணித்தார்கள், எந்தப் பொருத்தத்தால் சேர்த்தார்கள் அல்லது விலக்கினார்கள். நம் உதாரணத்தில் பையனுக்கு இருவருமே திருவோணம், மகர ராசி என்றுதான் எழுதியிருக்கிறார்கள். பெண்ணுக்குத்தான் ஒருவர் மிருகசீரிடம் முதல் பாதம் என்றும், மற்றவர் ரோகிணி நான்காம் பாதம் என்றும் எழுதியிருக்கிறார்கள். இரண்டும் ரிஷப ராசியே. ராசிக் கட்டத்தை மட்டும் பார்க்கும் வீட்டாருக்கு வித்தியாசம் கண்ணிலேயே படாது.

இப்போது எண்ணிப் பார்க்கலாம். மிருகசீரிடத்திலிருந்து திருவோணம் பதினெட்டாவது நட்சத்திரம். தினப் பொருத்தம் உண்டு, மகேந்திரம் இல்லை. ரோகிணியிலிருந்து எண்ணினால் பத்தொன்பதாவது. தினம் போய்விடுகிறது, மகேந்திரம் வந்துவிடுகிறது. கணம், யோனி, ராசி, அதிபதி, ஸ்திரீ தீர்க்கம், வேதை ஆகியவை இரண்டு வழியிலும் தேறும், வசியம் இரண்டிலும் தேறாது. மிச்சம் இருப்பது ரஜ்ஜு. மிருகசீரிடம் சிரசு ரஜ்ஜு, திருவோணம் கழுத்து ரஜ்ஜு. வேறு வேறாக இருப்பதால் பொருத்தம் உண்டு. ரோகிணியோ திருவோணத்தைப் போலவே கழுத்து ரஜ்ஜு. கூட்டிப் பார்த்தால் ஒரு பக்கம் எட்டு, இன்னொரு பக்கம் ஏழு. எண்ணிக்கையில் ஒன்றுதான் குறைகிறது. ஆனால் மாங்கல்யப் பொருத்தம் என்றே அழைக்கப்படுவது ரஜ்ஜு. கழுத்து ரஜ்ஜு ஒன்றானால் மனைவிக்கு ஆகாது என்பது நம்பிக்கை. அந்த ஒன்று மற்ற ஏழையும் அடித்துத் தள்ளிவிடுகிறது.

ஒரே குழந்தைக்கு இரண்டு நட்சத்திரம் எப்படி வந்தது? தமிழ்நாட்டில் வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டு பஞ்சாங்க மரபுகள் அக்கம்பக்கமாக வாழ்கின்றன. வாக்கியம் பழைய சூத்திரங்களை அப்படியே பின்பற்றுகிறது. திருக்கணிதம் இன்றைய வானியல் கணக்கைக் கொள்கிறது. இரண்டும் எவ்வளவு தூரம் விலகும் என்பதை ஊரே பார்த்திருக்கிறது. திருக்கணிதப்படி சனிப்பெயர்ச்சி 2023 ஜனவரி 17 அன்று. திருநள்ளாறு கோயில் வாக்கியப்படி அதைக் கொண்டாடியது அதே ஆண்டு டிசம்பர் 20 அன்று. சனி மெதுவாக நகரும் கோள் என்பதால் அங்கே விலகல் மாதக்கணக்கு. சந்திரன் வேகமாக ஓடுவதால் இங்கே மணிக்கணக்கு.

அந்த மணிக்கணக்கிலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. பழைய சூத்திரங்கள் கிரகணத்தைச் சரியாகச் சொல்லும்படி செப்பனிடப்பட்டவை. கிரகணம் அமாவாசையிலும் பௌர்ணமியிலும்தான் வரும். அதனால் அந்த நாட்களை ஒட்டி இரண்டு பஞ்சாங்கங்களும் நெருங்கி நிற்கும். சூரியனின் இழுப்பு சந்திரனின் ஓட்டத்தில் உண்டாக்கும் மாற்றத்தை அவை முழுதாகக் கணக்கில் கொள்ளாததால், அஷ்டமியை ஒட்டிய நாட்களில் விலகல் பெருகும். சில சமயம் 2 பாகை அளவுக்கும் போகும், அதாவது சுமார் நான்கு மணி நேரம். சந்திரன் ஒரு நட்சத்திரத்தைக் கடக்கச் சராசரியாக ஒரு நாள் ஆகிறது. ஆகவே வளர்பிறை, தேய்பிறை அஷ்டமியை ஒட்டி, நட்சத்திரத்தின் தொடக்கத்திலோ முடிவிலோ பிறந்தவர்களுக்கு இந்தச் சிக்கல் வர வாய்ப்பு அதிகம். நட்சத்திரத்தின் நடுவில் பிறந்தவருக்கு அநேகமாக வரவே வராது.

பிறந்த நேரமும் இதே வேலையைச் செய்யும். பிறப்புச் சான்றிதழில் தேதிதான் இருக்கும், நேரம் இருக்காது. மருத்துவமனைச் சீட்டு இருந்தால் அதுவே ஆதாரம். வீட்டில் பிறந்தவர்களுக்கு உதயத்திலிருந்து இத்தனை நாழிகை என்று குறித்து வைப்பது பழைய வழக்கம். மலையில் அந்த உதயம் கொஞ்சம் வேடிக்கையானது. 1,500 மீட்டர் உயரத்தில், கிழக்கே தடையில்லாத ஒரு விளிம்பில் நிற்பவருக்குச் சமவெளிக்காரரைவிடச் சில நிமிடம் முன்பே சூரியன் தெரியும். மேடுகளுக்கு நடுவே ஏரிக்கரைப் பள்ளத்தில் இருப்பவருக்கு வெகுநேரம் கழித்துத்தான் தெரியும், மூடுபனி நாளில் தெரியவே தெரியாது. லக்கினச் சந்தியில் பிறந்தவருக்கு இந்த நிமிடங்களும் கணக்குத்தான்.

நம் பெண்ணுக்கு வருவோம். அன்றிரவு திருக்கணிதப்படி ரோகிணி 9 மணிக்கு முடிகிறது, வாக்கியப்படி 11 மணிக்கு முடிகிறது, அவள் பிறந்தது 10 மணிக்கு என்று வைத்துக்கொள்வோம். அவளுடைய தசையைப் போட்டுப் பார்த்தால் விசித்திரமான ஒன்று தெரியும். ரோகிணி என்றால் சந்திர தசையில் சுமார் 5 மாதம் பாக்கி, அதன்பின் செவ்வாய் தசை 7 வருடம். மிருகசீரிடம் என்றால் செவ்வாய் தசையிலேயே பிறக்கிறாள், சுமார் மூன்றரை மாதம் கழிந்திருக்கிறது. ஒரு வழியில் செவ்வாய் தசை ஏழு வயது ஐந்து மாதத்தில் முடியும், இன்னொரு வழியில் ஆறு வயது எட்டரை மாதத்தில். வாழ்நாள் முழுவதும் ஒவ்வொரு தசையும் எட்டு, ஒன்பது மாதம் முன்பின்னாக நகரும், அவ்வளவுதான். வானத்தில் சிறிய வித்தியாசத்துக்கு ஜாதகத்திலும் சிறிய வித்தியாசம். பத்துப் பொருத்தத்தில் மட்டும் அதே வித்தியாசம் "செய்யலாம்" என்பதை "மனைவிக்கு ஆகாது" என்று ஆக்கிவிடுகிறது. இந்த முறையின் பெரிய குறை இதுதான் என்பேன். எல்லைக்கோட்டுக்கு எவ்வளவு பக்கத்தில் நிற்கிறோம் என்று சொல்ல அதனிடம் வாய் இல்லை. உண்டு, இல்லை என்ற இரண்டே சொல்தான்.

ஆகவே இரண்டு ஜோசியர்களிடமும் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது: "ஐயா, நட்சத்திரம் அவர் சொன்னதாக இருந்தால் நீங்கள் என்ன சொல்வீர்கள்?" இருவரும் தங்கள் தீர்ப்பை மாற்றிக்கொள்வார்கள் என்றால், அவர்களுக்குள் இந்த ஜோடியைப் பற்றி எந்தக் கருத்து வேறுபாடும் இல்லை. சண்டை அன்றிரவு நிலா எங்கே இருந்தது என்பதைப் பற்றியது. அதற்குப் பதில் வானியலில் இருக்கிறது, திருக்கணிதம்தான் நிஜ நிலாவுக்கு நெருங்கியது. தாத்தா காலத்திலிருந்து வாக்கியம்தான், அதை விடமாட்டோம் என்று ஒரு குடும்பம் சொன்னால் அதுவும் ஒரு நேர்மையான நிலைதான். ஆனால் பையனுக்கும் பெண்ணுக்கும் ஒரே பஞ்சாங்கம் வேண்டும். பெண் வீடு கொண்டுவந்த வாக்கிய ஜாதகத்தையும் பையன் வீடு கணினியில் எடுத்த திருக்கணித ஜாதகத்தையும் அப்படியே ஒட்டிப் பொருத்தம் பார்ப்பதை எந்த மரபும் ஒப்புக்கொள்ளாது. நடப்பதென்னவோ அதுதான்.

நட்சத்திரம் இரண்டிலும் ஒன்றாகவே இருந்தும் தீர்ப்பு மாறினால், வித்தியாசம் விதிகளில் இருக்கிறது. ரஜ்ஜுவில் ஆரோகணம், அவரோகணம் என்று பிரித்து, ஒருவர் ஏறு வரிசையிலும் மற்றவர் இறங்கு வரிசையிலும் இருந்தால் விலக்கு உண்டு என்பவர்கள் இருக்கிறார்கள். செவ்வாய் தோஷம் இன்னும் குழப்பம். லக்கினத்துக்கு 2, 4, 7, 8, 12 ஆகிய இடங்களில் செவ்வாய் இருந்தால் தோஷம். பன்னிரண்டில் ஐந்து இடம், அதாவது ஐந்து பேரில் இருவருக்கு மேல். சந்திரனிலிருந்தும் சுக்கிரனிலிருந்தும் பார்க்க வேண்டும் என்பவரின் கணக்கில் தோராயமாக ஐந்தில் நான்கு பேர் தோஷக்காரர்கள் ஆகிவிடுவார்கள். அப்புறம் விதிவிலக்குகள் வராமல் எப்படி? எந்த விலக்கை ஏற்பது என்பதில்தான் ஒரு ஜோசியர் கடுமையானவராகவும் இன்னொருவர் இளகியவராகவும் தெரிகிறார்.

இதற்கெல்லாம் அடியில் இருக்கும் கேள்வியைத் தவிர்க்க முடியாது. ரஜ்ஜு தட்டினால் நிஜமாகவே ஏதாவது ஆகிறதா? இருபத்தேழு நட்சத்திரங்களையும் ரஜ்ஜுவாகப் பிரித்தால் நான்கு குழுவில் ஆறு ஆறும் ஒன்றில் மூன்றும் வரும். பார்க்காமல் சேர்ந்த ஜோடிகளில் ஐந்தில் ஒன்று ஒரே ரஜ்ஜுவாக அமையும் என்பது வெறும் கணக்கு. ஏற்காட்டில் தேவாலயத்தில் மணம் முடித்து, ஜாதகமே எழுதாமல் தலைமுறைகளாக வாழும் கிறிஸ்தவக் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களிலும் சுமாராக ஐந்தில் ஒரு ஜோடி ஒரே ரஜ்ஜுதான். ரஜ்ஜு சொல்வது நிஜமென்றால் அந்த வீடுகளில் அது கண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஜோசியத்தை நேரடியாகச் சோதித்ததும் உண்டு. வானியலாளர் ஜெயந்த் நார்லிகரும் நரேந்திர தாபோல்கர் உள்ளிட்டோரும் மகாராஷ்டிரத்தில் 2008-இல் நடத்திய சோதனையில், படிப்பில் சிறந்த பிள்ளைகளின் ஜாதகத்தையும் மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளின் ஜாதகத்தையும் கலந்து கொடுத்துப் பிரிக்கச் சொன்னார்கள். 27 ஜோசியர்கள் ஆளுக்கு 40 ஜாதகம் பார்த்தார்கள். சரியாகச் சொன்னது சராசரி 46 சதவீதம். காசைச் சுண்டிவிட்டாலே ஐம்பது வந்திருக்கும்.

அப்படியானால் பொருத்தம் பார்ப்பதில் நன்மையே இல்லையா என்றால், இருக்கிறது. "ஜாதகம் சேரலைங்க" என்பது நம் ஊரில் யார் முகத்தையும் முறிக்காமல் சொல்லக்கூடிய மறுப்பு. பெண்ணின் நிறத்தையோ பையனின் சம்பளத்தையோ இழுக்காமல் பேச்சை முடித்துக்கொண்டு, அடுத்த விசேஷத்தில் சிரித்துப் பேசலாம். விசாரிக்க நாலு நாள் அவகாசமும் கிடைக்கிறது. ஆனால் இதே நன்மைதான் எதிரெதிர் தீர்ப்பு வரும்போது ஆபத்தாகிறது. யாருக்கு இந்தச் சம்பந்தம் பிடிக்கவில்லையோ அவர் கையில் "ஆகாது" என்ற காகிதம் ஆயுதமாகிவிடும். அத்தை பெண்ணை, மாமன் மகனைக் கட்டும்போது சொந்தத்துக்குள் எதற்குப் பொருத்தம் என்று நட்சத்திரம்கூடக் கேட்காமல் முடிக்கும் வீடுகள் எத்தனை! மருத்துவர் கவலைப்பட வேண்டிய இடமே அதுதான். வேண்டும் என்றால் தளர்த்தத் தெரிந்த குடும்பம், வேண்டாம் என்றால் இறுக்கவும் தெரிந்திருக்கும். ஆகவே காகிதத்தைப் பிரிக்கும் முன் வீட்டில் ஒவ்வொருவரும், முக்கியமாகப் பெண்ணும் பையனும், ஜாதகமே இல்லை என்று வைத்துக்கொண்டால் இதற்குச் சம்மதமா என்று சொல்லிவிட வேண்டும். அங்கே யாராவது தயங்கினால் பேச வேண்டியது அந்தத் தயக்கத்தைப் பற்றி. வேலை, குடி, கடன், உடல்நிலை என்று விசாரிக்க நிறைய இருக்கிறது.

எல்லோருக்கும் சம்மதம், விலகல் எல்லைக்கோட்டு நட்சத்திரத்தால் வந்தது என்றும் தெரிந்துவிட்டது, ஆனாலும் பாட்டிக்கு மனசு ஆறவில்லை என்றால்? மூன்றாவது ஜோசியரைவிடக் குலதெய்வத்தின் முன் பூக்கட்டிப் பார்ப்பது மேல் என்பேன். இலையில் மடித்த சிவப்பும் வெள்ளையும், ஒன்றை எடுக்க ஒரு குழந்தை. இது சீட்டுப் போடுவதுதான் என்பதை அந்தச் சடங்கு மறைப்பதில்லை, நிலாவின் பாகையைக் காட்டிப் பயமுறுத்துவதுமில்லை. எந்தப் பூவுக்கு என்ன பொருள் என்று முன்பே சொல்லிவிட வேண்டும். வந்த பூ பிடிக்கவில்லையென்று இன்னொரு முறை எடுக்கச் சொல்லக் கூடாது. எடுக்கச் சொல்லத் தோன்றினால், வீட்டாரின் விருப்பம் எந்தப் பக்கம் என்பது அந்த நொடியிலேயே தெரிந்துவிடும்.