செம்மண்ணும் மழையும் அல்ல, செம்மண் நீர்

சங்கரன்கோவில் வட்டாரத்தில் செம்மண்ணும் கரிசலும் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. கோடைமழை கொட்டி ஓய்ந்ததும், செம்மண் வண்டித்தடத்தில் ஓடும் நீரை ஒரு தம்ளரில் மொண்டு பாருங்கள். மணல் உடனே அடியில் தங்கிவிடும். சிவப்பு மட்டும் நெடுநேரம் நீரை விட்டுப் போகாது. குறுந்தொகையின் 40ஆம் பாடலில் இருப்பது இந்த நீர்தான். பாடியவரின் இயற்பெயர் தெரியாததால், உவமையையே பெயராக்கிச் செம்புலப்பெயனீரார் என்றார்கள்.

இந்தப் பாடலை ஆங்கில வாசகரிடம் கொண்டுசேர்த்தவர் ஏ.கே. ராமானுஜன். அவருடைய ‘தி இன்டீரியர் லேண்ட்ஸ்கேப்’ 1967இல் வெளிவந்தது. அந்த மொழிபெயர்ப்பின் உவமைத் தொடரையே 1995இல் விக்ரம் சந்திரா தம் நாவலுக்குத் தலைப்பாக வைத்தார்.

ராமானுஜனின் பெரிய வெற்றி ஓசையில்தான். பாடல் ஐந்தடி ஆசிரியப்பா. முதல் மூன்றடியும் உறவைப் பற்றிய கேள்விகள். ஈற்றயலடியில் நாற்சீர் முச்சீராகக் குறைய, குரல் தணிகிறது. உவமை அங்கேதான் வருகிறது. ஜி.யு. போப் 1886இல் திருக்குறளுக்குச் செய்ததுபோல் இயைபு தேடியிருந்தால், அதை நிரப்பவே வேண்டாத சொற்கள் வந்து சேர்ந்திருக்கும். ராமானுஜன் யாப்பை விட்டுவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டார். கேள்விகளை அடி தாண்டி ஓடவிட்டு, காதல் என்ற சொல் வருமிடத்தில் குறுகிய அடியொன்றில் நிறுத்துகிறார். தமிழில் கேட்ட தணிவு ஆங்கிலத்திலும் கேட்கிறது.

சில இழப்புகளுக்கு அவரைக் குறை சொல்ல முடியாது. யாய் என்றால் என் தாய், ஞாய் என்றால் உன் தாய். ‘என்’, ‘உன்’ இரண்டும் உறவுச்சொல்லுக்குள்ளேயே அடங்கியிருக்கின்றன. இருவரையும் பிரிப்பது ஓர் எழுத்துதான். ஆங்கிலத்தில் அவற்றைத் தனித்தனியே சொல்லியாக வேண்டும். அந்த எதிரொலி போய்விடுகிறது.

உவமையில் நேர்ந்தது வேறு. மூலத்தில் இருப்பது ஒரே பொருள்: செந்நிலத்தில் பெய்த மழையின் நீர். ராமானுஜன் அதைச் செம்மண், கொட்டும் மழை என்று இரண்டாக்கி ‘அண்ட்’ போட்டு இணைத்தார். காதலர் இருவருக்கு இரண்டு பொருள் என்ற கணக்கு கச்சிதமாகத்தான் இருக்கிறது. ஆனால் தமிழில் கலப்பு முன்பே நடந்து முடிந்துவிட்டது. நம் கண்ணில் படுவது நிறம் மாறிய நீர் மட்டுமே. இவன் பிரிந்துவிடுவானோ என்று அஞ்சும் பெண்ணிடம் தலைவன் சொல்வதாகப் பழைய கூற்றுக்குறிப்பு சொல்கிறது. அவளைத் தேற்றுவது அந்த நிறம்தான். மொழிபெயர்ப்பில் ‘அவன் சொன்னது’ என்ற தலைப்போடு நிற்பதால், ஆங்கில வாசகருக்கு அவளுடைய அச்சமும் தெரிவதில்லை.

ராமானுஜனின் ஆங்கிலம் நல்ல கவிதை. அதைத் திருத்தத் தேவையில்லை. இனி இதை மொழிபெயர்ப்பவர்கள் அந்த ‘அண்ட்’ இல்லாமல் ஒருமுறை முயன்று பார்க்க வேண்டும்.